அந்நிய நிதியும் இல்லை, பன்மடங்கு நிதியும் இல்லை

பங்குச்சந்தைக் குறியீட்டின் ஏற்ற இறக்கத்தைப் பெருக்கித் தரும் லெவரேஜ்டு ஃபண்டைத் தமிழில் 'அந்நிய நிதி' என்று எழுதுகிறார்கள். இதில் அந்நியர் யார்? லெவரேஜ் என்பதன் வேர் தூக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல், நெம்புகோலைக் குறிக்கும் லீவரும் அதே குடும்பம். வெளிநாட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சரி, இது அப்பட்டமான தவறு, யாராவது ஒருநாள் திருத்திவிடுவார்கள்.

என் சண்டை அதே ஃபண்டுக்கு வைக்கும் இன்னொரு பெயரான 'பன்மடங்கு நிதி'யோடுதான். கேட்டதும் போட்ட பணம் பல மடங்காகும் என்று தோன்றுகிறது இல்லையா? மடங்கு உண்டுதான், ஆனால் அது ஒரே ஒரு நாளின் ஏற்ற இறக்கத்துக்கு மட்டும். அமெரிக்காவின் TQQQ என்ற நிதி, நாஸ்டாக் 100 குறியீட்டின் அன்றாட நகர்வை மும்மடங்காகத் தர முயல்கிறது, SQQQ அதையே எதிர்த்திசையில். மறுநாள் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

குறியீடு 100-இலிருந்து 110-க்கு ஏறி, மறுநாள் 100-க்கே திரும்புகிறது என்று வையுங்கள். மும்மடங்கு நிதியில் போட்ட 100 ரூபாய் முதல் நாள் 130 ஆகும். மறுநாள் குறியீடு இறங்குவது 9.09 விழுக்காடு, நிதி இறங்குவது 27.27. மிச்சம் 94.55 ரூபாய். குறியீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, உங்கள் பணத்தில் ஐந்து ரூபாய்க்கும் மேல் காணோம். காரணம், 100 ரூபாயை வைத்துச் சந்தையில் 300 ரூபாய்க்கு இறங்கிய நிதியின் கையில் முதல் நாள் மாலை 130 ரூபாய், சந்தையில் அந்த 300 இப்போது 330. மும்மடங்குக்கு 390 வேண்டும் என்பதால் ஏறிய விலையில் இன்னும் 60-க்கு வாங்குகிறது, மறுநாள் இறங்கிய விலையில் விற்கிறது. ஒருமடங்கு எதிர்த்திசை நிதியும் தப்பாது: 90-க்கு இறங்கி, 98.18-இல் நிற்கும்.

காகிதக் கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். 2021 நவம்பரில் உச்சம் தொட்ட நாஸ்டாக் 100, 2022-இல் சரிந்து, 2023 டிசம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியது. அப்போதும் TQQQ தன் உச்சத்துக்கு நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் கீழே கிடந்தது. 'பன்மடங்கு' என்ற பெயரை நம்பி வருஷக்கணக்கில் வைத்திருந்தவருக்கு இதை எப்படி விளக்குவது?

அதனால் 'நாள்மடங்கு நிதி' என்பேன். இன்வர்ஸ் எனும் எதிர்த்திசை நிதிக்கு 'நாள்எதிர் நிதி'. 'தலைகீழ் நிதி' என்பதில் எது தலைகீழ் என்றே புரியவில்லை, நாள் என்ற சங்கதியும் விட்டுப்போகிறது. 'நெம்பு நிதி' என்றும் சிலர் சொல்கிறார்கள், தூய தமிழ்தான், ஆனால் அதிலும் நாள் இல்லை. சொல்லைச் சொல்லாகப் பெயர்க்கிறார்கள், பொருள் எப்படி வேலை செய்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை.

அப்புறம் இந்த இழப்புக்கு 'தேய்மானம்' என்று போடுவதும் சரியில்லை. தேய்மானம் எந்திரத்துக்கு வருஷா வருஷம் தவறாமல் வருவது. இங்கே சந்தை தொடர்ந்து இரண்டு நாள் 10 விழுக்காடு ஏறினால் குறியீடு 121, நிதி 169. குறியீட்டின் ஏற்றமான 21-இன் மும்மடங்கு 63தானே, கிடைத்ததோ 69! ஒரே திசையில் போனால் கூடுகிறது, ஏறி இறங்கி அலைந்தால்தான் கரைகிறது. 'ஊசலாட்ட இழப்பு' என்றால் விஷயம் சொல்லிலேயே இருக்கும்.