எழுபது நிமிடத்தில் பின்தங்கும் குரல்

எழுபது நிமிட உரை ஒன்றை எடிட் செய்துகொண்டிருந்தேன். படம் ஒரு கேமராவில் பதிவாகியிருந்தது. பேசுபவரின் சட்டையில் குத்திய மைக்கின் ஒலி தனி ரெக்கார்டரில் இருந்தது. தொடக்கத்தில் அடித்த கைதட்டலை வைத்து இரண்டையும் பொருத்தினேன். உதடும் குரலும் கச்சிதமாக ஒட்டிக்கொண்டன. பத்தாவது நிமிடத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போனால், அவர் வாயை மூடிய பிறகு சொல் வந்து விழுகிறது.

ஆடியோவைக் கொஞ்சம் முன்னால் இழுத்தேன். கடைசிப் பகுதி சரியானது, ஆனால் தொடக்கம் கெட்டுப்போனது. நடுவில் எங்கோ ஓர் இடத்தைச் சரிசெய்தால் இரண்டு முனையும் பிசகியது. ஒலி ஒரே அளவு தாமதமாக இருந்தால் ஒரு முறை நகர்த்தினால் போதும். இங்கே தாமதமே நிமிடத்துக்கு நிமிடம் வளர்ந்துகொண்டிருந்தது. எடிட்டிங் செய்பவர்கள் இதை டிரிஃப்ட் என்பார்கள். எவ்வளவு நகர்த்தினாலும் இது தீராது, ஏனென்றால் கோளாறு ஆடியோ தொடங்கும் இடத்தில் இல்லை, அது ஓடும் வேகத்தில் இருக்கிறது.

காரணம் இரண்டு கருவிகளுக்குள்ளும் இருக்கும் கடிகாரங்கள். ரெக்கார்டர் ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எழுதுகிறது. அந்த ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். எப்போது அளக்க வேண்டும் என்று தாளம் போடுவது ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 1,22,88,000 முறை துடித்தால், 256 துடிப்புக்கு ஒரு சாம்பிள் என்று எண்ணி 48,000 கிடைக்கும். ஆனால் எந்தப் படிகமும் குறித்த எண்ணில் அப்படியே துடிப்பதில்லை. வெட்டிய விதம், வயது, சூடு எல்லாம் அதைக் கொஞ்சம் அசைக்கும். சாதாரணக் கருவிகளில் பத்து லட்சத்துக்கு இருபது, முப்பது, ஐம்பது துடிப்பு கூடலாம், குறையலாம். ஒரே நேரத்தில் சரிசெய்து வைத்த இரண்டு கைக்கடிகாரங்கள் ஒரு மாதம் கழித்துச் சில நொடிகள் விலகி நிற்கின்றன அல்லவா? அதே பிழைதான் இது.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை என்றால் மணிக்கு 3.6 மில்லிவினாடி. இரண்டு கருவிக்கும் இடையே ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தால் மணிக்கு 180 மில்லிவினாடி. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிவினாடி, அதாவது நாலரை ஃபிரேம் விலகல். இத்தனைக்கும் இரண்டு கருவியும் பழுதில்லாமல் வேலை செய்கின்றன.

கேமரா தன் சொந்த மைக்கில் பிடித்த ஒலி அதன் படத்தை விட்டு இப்படி விலகுவதில்லை. பெரும்பாலான கேமராக்களில் படத்துக்கும் ஒலிக்கும் ஒரே மூலத்திலிருந்து தாளம் போவதால், பிழை இருந்தாலும் இரண்டும் சேர்ந்தே பிழையாக ஓடும். அதனால்தான், தரம் மட்டமாக இருந்தாலும், கேமராவின் ஒலிப்பதிவை அணைத்துவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ரெக்கார்டரையும் படத்தையும் ஒப்பிட்டு அளக்க நம்மிடம் உள்ள அளவுகோல் அதுதான்.

இனி அந்த உரையையே எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க எண்களைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன். பேசுபவர் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் கைதட்டியிருந்தார். கேமராவின் ஆடியோவை வேவ்ஃபார்மில் பெரிதாக்கிப் பார்த்தால், முதல் தட்டல் 00:41.320-இல் செங்குத்தாக எழுகிறது, கடைசித் தட்டல் 70:41.320-இல். இடைவெளி சரியாக 4200 நொடி. ரெக்கார்டர் கோப்பில் அதே தட்டல்கள் 01:15.410-இலும் 71:15.585-இலும் இருக்கின்றன. இடைவெளி 4200.175 நொடி. ரெக்கார்டர் 34 நொடி முன்பே தொடங்கிவிட்டது என்பது வெறும் நகர்த்தல் விஷயம், அதை விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது அந்த 0.175 நொடி.

கேமராவின் கணக்கில் 4200 நொடிக்கு 20,16,00,000 சாம்பிள் வர வேண்டும். ரெக்கார்டர் 20,16,08,400 எழுதியிருக்கிறது, 8,400 அதிகம். நொடிக்குப் பிரித்தால் இரண்டே இரண்டு சாம்பிள். கேமரா ஒரு நொடி என்று நினைத்த நேரத்தில் ரெக்கார்டர் 48,000-க்குப் பதில் 48,002 சாம்பிள் எடுத்துவிட்டது. கோப்பைத் திரும்ப ஓட்டும் மென்பொருளோ நொடிக்கு 48,000 வீதமே செலவழிக்கிறது. அப்போது மிச்சம் சேர்ந்துகொண்டே போகும், குரல் பின்தங்கிக்கொண்டே வரும். இரண்டில் எந்தக் கடிகாரம் உண்மையான நேரம் காட்டியது என்ற கேள்வியே இங்கே தேவையில்லை. படம்தான் எஜமான், ஒலி அதன் பின்னால் நடந்தால் போதும்.

சரிசெய்வதற்கு அந்த உண்மையை மென்பொருளுக்குச் சொன்னாலே போதும்: இதை நொடிக்கு 48,002 வீதம் ஓட்டு, பிறகு ஒழுங்கான 48,000-ஆக மாற்றி எழுது. ffmpeg என்ற இலவச மென்பொருளில் ஒரே வரி:

```
ffmpeg -i recorder.wav -af "asetrate=48002,aresample=48000" -c:a pcm_s24le fixed.wav
```

ரெக்கார்டர் கோப்பு குறைவாக எண்ணியிருந்தால் 47998 போல ஓர் எண் வரும், மற்றதெல்லாம் இதேதான். உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க, ரெக்கார்டரின் இடைவெளியைக் கேமராவின் இடைவெளியால் வகுத்து 48,000-ஆல் பெருக்குங்கள். முழு எண்ணாக்கும்போது அதிகபட்சம் அரை சாம்பிள் பிழை வரும். அது மணிக்கு 37 மில்லிவினாடி, ஒரு ஃபிரேமுக்கும் குறைவு.

வேகத்தை மாற்றினால் குரலின் சுருதி மாறாதா என்று கேட்பீர்கள். மாறும், ஆனால் ஒரு அரைச்சுரத்தை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு அளவுக்கும் குறைவாக. எந்தக் காதுக்கும் அது எட்டாது. சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றும் டைம் ஸ்ட்ரெட்ச் கருவிகள் ஒலியைத் துண்டாக்கி ஒட்டுவதால் சில நேரம் கரகரப்பைச் சேர்க்கின்றன. இவ்வளவு சிறிய திருத்தத்துக்கு அது வேண்டாம்.

கைதட்டலை ஏன் இரண்டு முனையிலும் அடிக்க வேண்டும்? வேவ்ஃபார்மில் ஒரு தட்டலை ஒரு மில்லிவினாடி பிழையோடு படிக்கலாம் என்று வைப்போம். ஐந்து நிமிட இடைவெளியில் அளந்தால் அந்த ஒரு மில்லிவினாடி எழுபது நிமிடத்தில் 14 ஆகப் பெருகும். முனைக்கு முனை அளந்தால் ஒன்றாகவே நிற்கும். முடிவில் தட்ட மறந்துவிட்டால், கீழே விழுந்த பேனாவோ, மேசையில் வைத்த டம்ளரோ, இரண்டு கோப்பிலும் கூர்மையாகத் தெரியும் எந்தச் சத்தமும் உதவும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானும் விழுந்திருக்கிறேன். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். பேசுபவர் கேமராவிலிருந்து 12 மீட்டர் தள்ளி நின்றால், அவர் தட்டல் கேமரா மைக்குக்கு 35 மில்லிவினாடி தாமதமாகவே வரும். சட்டை மைக்குக்குத் தாமதமே இல்லை. இரண்டு தட்டலும் அதே இடத்தில் அடிக்கப்பட்டால் இந்த 35 இரு முனையிலும் சமமாக இருந்து கழிந்துவிடும். முதல் தட்டல் மேடையிலும் கடைசித் தட்டல் கேமராவுக்குப் பக்கத்திலும் இருந்தால், இல்லாத டிரிஃப்ட்டை நாமே உண்டாக்கித் திருத்துவோம். அதோடு, கேமரா ஒலியோடு பொருத்திய சட்டை மைக் ஒலி படத்துக்கு 35 மில்லிவினாடி பிந்தியே நிற்கும். வேகத்தைச் சரிசெய்த பிறகு அதை அந்த அளவு முன்னால் இழுத்து, உள்ளங்கைகள் தொடும் ஃபிரேமோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எவ்வளவு பிசகினால் பார்ப்பவருக்குத் தெரியும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் BT.1359 பரிந்துரை இதற்கு இரண்டு எண் தருகிறது: ஒலி 45 மில்லிவினாடி முந்தினால் கண்டுபிடித்துவிடுவார்கள், பிந்தினால் 125 வரை தெரியாது. தூரத்தில் நடப்பதில் படம் முதலிலும் ஒலி பிறகும் வருவது நமக்குப் பழகியது. ஒலி முந்துவது இயற்கையில் நடப்பதே இல்லை. இந்த உரையில் குரல் பிந்தியதால் ஐம்பதாவது நிமிடத்தில்தான் 125-ஐத் தாண்டியது. ரெக்கார்டர் அதே அளவு மெதுவாக ஓடியிருந்தால் குரல் முந்தியிருக்கும், பதினெட்டாவது நிமிடத்திலேயே உறுத்தியிருக்கும்.

திருத்திய பிறகு நடுப்பகுதியைக் கட்டாயம் பாருங்கள். கேமரா ஓட ஓடச் சூடேறும், படிகத்தின் துடிப்பும் கூடவே மாறும், அதனால் விலகல் நேர்கோடாக வளராமல் சற்று வளையலாம். பெரும்பாலும் சில மில்லிவினாடிதான். ஒரு ஃபிரேம் அளவுக்கு இருந்தால் கோப்பை நடுவில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி வேகம் கணக்கிடுங்கள்.

எல்லா விலகலும் படிகத்தால் வருவதில்லை. மணிக்கு 3.6 நொடி விலகினால், 29.97 ஃபிரேம் வீடியோவை எங்கோ 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மணிக்கு ஐந்து நிமிடம் போல விலகினால் 44,100-இல் பதிந்ததை 48,000 என்று ஓட்டுகிறீர்கள். இரண்டையும் அமைப்பைத் திருத்தித் தீர்க்க வேண்டும். மெதுவாக வளராமல் ஓர் இடத்தில் பொசுக்கென்று தாவினால், கருவி நீளமான பதிவைப் பல கோப்புகளாகப் பிரித்த இடத்தில் கொஞ்சம் விழுங்கிவிட்டதா என்று பாருங்கள். போனில் எடுத்த வீடியோ முன்னும் பின்னும் ஆடினால் ஃபிரேம் வேகமே மாறி மாறிப் பதிவாகியிருக்கும். முதலில் அதை நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் அளங்கள்.

கருவிகள் பதிவோடு சேர்த்து எழுதும் நேரக் குறியான டைம்கோடு இருந்தால் இந்தத் தொல்லை வராது என்று பலர் நம்புகிறார்கள். கோப்பு எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் டைம்கோடு சொல்கிறது. அதற்குப் பிறகு சாம்பிள்கள் எந்த வேகத்தில் வந்தன என்பதை அந்தந்தக் கருவியின் படிகமே தீர்மானிக்கிறது. வேர்டு கிளாக், ஜென்லாக் போன்ற இணைப்பால் இரண்டு கருவிக்கும் ஒரே தாளத்தைக் கொடுத்தால்தான் டிரிஃப்ட் மறையும். அந்த வசதி இல்லாத கருவிகளோடு வேலை செய்யும்போது, இடைவேளை கிடைக்கும் இடத்தில் இரண்டையும் நிறுத்தி மறுபடி ஓடவிடுகிறேன். இருபது நிமிடத் துண்டில் மேலே பார்த்த பிழை 50 மில்லிவினாடிதான்.