கட்டற்ற பொருளா, பிரித்த பொருளா?

சட்டகக் கணக்கு ஒன்றைத் திருத்திய உதவி ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பு இவ்வளவுதான்: “கட்டற்ற பொருள் படம் இல்லை. நான்கு மதிப்பெண் குறைவு.” அந்தத் தாளோடு மாணவர் என்னிடம் வந்தார். “படம் போட்டிருக்கிறேனே, சார்!” என்றார். போட்டிருந்தார்தான், ஆனால் முழுச் சட்டகத்துக்கு ஒரே ஒரு படம். குறிப்பில் இருந்த சொல் அவருக்கு எதையும் சொல்லவில்லை. இந்தச் சொல்லால் குழம்பி வருகிற எத்தனையாவது ஆளோ இவர்.

அந்தக் ‘கட்டற்ற பொருள் படம்’, ஃப்ரீ பாடி டயகிராம் என்பதன் தமிழாக்கம். அதில் ‘பாடி’ உடல் அன்று, விசை தாங்கும் பொருள். ‘ஃப்ரீ’ என்றால் தாங்கிகளிலிருந்தும் பக்கத்து உறுப்புகளிலிருந்தும் கழற்றி எடுத்தது என்று பொருள். டயகிராம் வெறும் படம். ‘சுதந்திர உடல் வரைபடம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அதை மறுக்க வேண்டிய தேவைகூட இல்லை. படித்தாலே சிரிப்பு வந்துவிடும்.

‘கட்டற்ற’ என்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அது நல்ல தமிழ் போலவே இருக்கிறது. கட்டு அற்றது என்றால் எதுவும் பிடித்திருக்காதது. நாம் செய்வதோ வேறு. கட்டை அவிழ்க்கிறோம், அவிழ்த்த இடத்தில் அது கொடுத்துக்கொண்டிருந்த விசையை அம்புக்குறியாக வைக்கிறோம். கட்டுப் போனாலும் அதன் விசை போகவில்லை. ‘அற்ற’ என்ற சொல் அதையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

இது வெறும் சொல் சண்டை இல்லை என்பதற்கு அந்த மாணவரின் தாளே சாட்சி. கணக்கில் இரண்டு சாய்ந்த தண்டுகள் உச்சியில் ஒரு கீலால் சேர்கின்றன. இரண்டு பாதங்களிலும் கீல் தாங்கி, இடையே 4 மீட்டர். உச்சி நடுவில், 3 மீட்டர் உயரத்தில். இடத் தண்டின்மேல், இடப் பாதத்திலிருந்து கிடையாக 1 மீட்டர் தள்ளி, 12 கிலோநியூட்டன் சுமை கீழ்நோக்கி. தண்டுகளின் சொந்த எடையை விட்டுவிடலாம்.

முழுச் சட்டகத்தை எடுத்து இடப் பாதத்தைச் சுற்றித் திருப்புத்திறன் பார்த்தால் வலப் பாதத்தில் மேல்நோக்கி 3 கிலோநியூட்டன், ஆகவே இடப் பாதத்தில் 9. இதுவரை மாணவர் சரி. பாதங்களின் கிடை விசைகள் ஒன்றுக்கொன்று சமம், எதிர் என்பதற்கு மேல் இந்தப் படம் எதுவும் சொல்லாது. அவர் அவற்றைச் சுழியம் என்று வைத்துக்கொண்டார்.

அப்புறம் குறிப்பைப் படித்துவிட்டு இடத் தண்டைத் தனியாக வரைந்தார். ‘கட்டற்ற’ அல்லவா, உச்சிக் கீலை அழித்துவிட்டார். அதன் விசையையும் வரையவில்லை. மேல்நோக்கி 9, கீழ்நோக்கி 12. மூன்று இடிக்கிறது. அந்த மூன்றுதான் வலத் தண்டு கீல் வழியாக இதைத் தூக்கிப் பிடிக்கும் விசை.

வலத் தண்டைப் பிரித்திருந்தால் மீதியும் கிடைத்திருக்கும். அதில் உச்சியைச் சுற்றிப் பார்த்தால், பாதத்தின் 3 கிலோநியூட்டனுக்கு 2 மீட்டர் கை, கிடை விசைக்கு 3 மீட்டர் கை. ஆகவே கிடை விசை 2 கிலோநியூட்டன், உள்நோக்கி. சுழியம் இல்லை. உச்சியில் இடத் தண்டின்மேல் மேல்நோக்கி 3, இடப்பக்கம் 2. வலத் தண்டின்மேல் அதே அளவுகள், நேர் எதிர்த் திசையில். முழுப் படத்தில் இந்த ஜோடி தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன.

சரி, என்ன சொல்வது? ‘தனித்த பொருள் விசைப்படம்’ என்பது எவ்வளவோ மேல். விசை என்ற சொல்லாவது உள்ளே வந்துவிட்டது. ஆனாலும் ‘தனித்த’ தன்வினை. பொருள் தானாகவே தனியாக நிற்கிறது என்ற தொனி. இங்கே பிரிப்பது கணக்குப் போடுபவர். பிரிந்த என்பதற்கும் பிரித்த என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒற்றை எழுத்தில் காட்டும் மொழி கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தினால் என்ன? ‘பிரித்த பொருள் விசைப்படம்’ என்பேன். சட்டகம் என்றால் ‘பிரித்த உறுப்பின் விசைப்படம்’. கொஞ்சம் நீளம்தான். சொல்லைச் சுருக்கிவிட்டு விளக்கத்தை மாணவர் தலையில் கட்டும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நீளம் பிடிக்காது, தெரியும்.

அந்தக் குறிப்பை நான் இப்படி மாற்றி எழுதிக் கொடுத்தேன்: “இரண்டு தண்டுகளையும் உச்சிக் கீலில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விசைப்படம் போடுங்கள். பிரித்த இடத்தில் இரண்டு படத்திலும் கீல் விசையை எதிரெதிராகக் காட்டுங்கள். அது இல்லாததால் கிடை விசை சுழியம் என்று வந்திருக்கிறது.”