எதிர்காற்றில் கரை திரும்ப நடுப்பலகை வேண்டும்

பாய்மரப் படகு என்றால் காற்று பின்னாலிருந்து தள்ளும், படகு முன்னால் போகும் என்றுதான் என்னிடம் படகோட்டப் பழக வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நினைத்திருக்கிறார்கள். அப்படியானால் திரும்பி வருவது எப்படி என்று கேட்டால் ஒரு நிமிடம் முழிப்பார்கள். பிறகு, "காற்று திரும்பும்வரை காத்திருக்கணும் சார்" என்று ஒருவராவது சொல்வார். அந்த நம்பிக்கையோடு தண்ணீரில் இறங்குவதுதான் ஆபத்து. தை மாத வாடை நம் வசதிக்காகத் திரும்பாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் நிறைந்த பிறகு, உரிய அனுமதி வாங்கி அங்கே சிறு படகுகளை இறக்குகிறோம். மற்ற மாதங்களில் மண்டபம் பக்கம் போய்விடுவோம். கடலை விடக் கண்மாய் பயமில்லாத இடம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். ஆழத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. ஆனால் எதிர்காற்றில் படகோட்டுவதற்குக் கண்மாயில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் படகு எப்படிக் காற்றை எதிர்த்துப் போகிறது என்று பார்ப்போம். நேர் எதிராக எந்தப் பாய்மரப் படகாலும் போக முடியாது. காற்று வரும் திசைக்கு இந்தப் பக்கம் சுமார் 45 டிகிரி, அந்தப் பக்கம் சுமார் 45 டிகிரி வரை பாய் வெறுமனே படபடக்கும், படகு நின்றுவிடும். அந்தக் கோணத்துக்கு வெளியே வந்து பாய்க்கயிற்றை இழுத்துப் பிடித்தால் பாய் வயிறு உப்பி நிற்கும். அப்போது காற்று பாயின் இரண்டு பக்கமும் வளைந்து ஓடுகிறது. வெளிப்புறம் அழுத்தம் குறைகிறது, உட்புறம் கூடுகிறது. இதனால் பாயின் மேல் விழும் விசை, பாய்க்கு ஏறக்குறைய செங்குத்தாக இருக்கும். அதில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளும். முன்னோக்கி இழுப்பது ஒரு சிறு பங்குதான்.

பக்கவாட்டில் தள்ளும் அந்தப் பெரும்பகுதியை என்ன செய்வது? அதற்குத்தான் படகின் நடுவே ஒரு பிளவு இருக்கிறது. அதன் வழியாக ஒரு பலகையைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்குகிறோம். நாங்கள் இதை நடுப்பலகை என்கிறோம். பக்கவாட்டில் நகரப் பார்த்தால் அகலமான பலகை தண்ணீரை முட்டுகிறது. முன்னே போக நினைத்தால் அதன் மெல்லிய விளிம்பு தண்ணீரை வெட்டிக்கொண்டு போகிறது. ஈரமான புளியங்கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அழுத்தினால் அது முன்னே தெறித்து ஓடுமே, அதே கணக்கு. மேலே காற்று ஒரு விரல், கீழே தண்ணீர் இன்னொரு விரல்.

ஆக, இந்த வேலையில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்குள் நடக்கிறது. பாயைப் பார்த்தே பழகியவர்களுக்கு இது மனதில் பதிய நேரமாகும்.

இனி வளைந்து வளைந்து போவது. கிழக்கிலிருந்து காற்று வருகிறது, நீங்கள் கிழக்கேதான் போக வேண்டும் என்றால், முதலில் வடகிழக்காகக் கொஞ்ச தூரம், பிறகு தென்கிழக்காகக் கொஞ்ச தூரம் என்று மாறி மாறிப் போக வேண்டும். சரியாக 45 டிகிரியில் போனால் 1 கிலோமீட்டர் முன்னேற சுமார் 1.4 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும். இரண்டே நீண்ட வளைவாகப் போனாலும், இருபது குட்டி வளைவாகப் போனாலும் மொத்த தூரம் அதேதான். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் செத்துவிடும் என்பதால் குறைவாகத் திரும்புவதே நல்லது.

திருப்பம் என்பது ஒரே மூச்சில் செய்யும் வேலை. படகுக்கு நல்ல வேகம் இருக்க வேண்டும். சுக்கான் பிடியைப் பாய் இருக்கும் பக்கமாக நிதானமாகத் தள்ளினால் முகப்பு காற்றை நோக்கித் திரும்பும். பாய் படபடக்கும், அதன் அடிக்கம்பு தலைக்கு மேலே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். குனியாவிட்டால் மண்டை வீங்கும், அதை யாருக்கும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. குனிந்தபடியே எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்து, சுக்கானை நேராக்கிப் பாயை இழுத்துப் பிடிக்க வேண்டும். வேகம் இல்லாமல் திருப்பினால் படகு பாதியில், காற்றுக்கு நேர் எதிராக முகம் வைத்து நின்றுவிடும். மெல்லப் பின்னால் போகவும் ஆரம்பிக்கும். அப்போது பாயின் அடிக்கம்பையும் சுக்கான் பிடியையும் ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்தால் படகு பின்னால் நகர்ந்துகொண்டே முகத்தைத் திருப்பும். காற்று ஒரு பக்கம் வாங்கியதும் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் கற்றுக்கொண்ட இரண்டு கல்லூரி மாணவர்கள் ஒரு தை மாதம் கண்மாயில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் மாட்டிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் கண்மாயின் கரை கிழக்கே, வடக்கு தெற்காக ஓடுகிறது. நம் பக்கத்து நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால் பல கண்மாய்கள் இப்படித்தான். மடை இருக்கும் கரையோரம் ஆழம் அதிகம். மேற்கே தண்ணீர் வரும் பக்கம் போகப் போகத் தரை மேலேறி, கடைசியில் சேறும் கருவேல மரங்களுமாக முடியும். படகு இறக்குவது கரையில். வாடைக் காலத்தில் காற்றோ வடகிழக்கிலிருந்து; அன்று கிட்டத்தட்ட நேர்கிழக்கு. கரையிலிருந்து கிளம்பினால் காற்று முதுகில் இருக்கிறது. பாயை விரித்துவிட்டு உட்கார்ந்தால் போதும், படகு மேற்கே போய்க்கொண்டே இருக்கும். காற்றோடு போகும்போது நடுப்பலகை அதிகம் தேவைப்படாது. தரை தட்டத் தொடங்கியதும் பையன்கள் அதைப் பாதிக்கு மேல் தூக்கிவிட்டார்கள். அதில் தவறில்லை, வேறு வழியும் இல்லை. அப்படியே கரையிலிருந்து 600 மீட்டர் போய்விட்டார்கள்.

திரும்பும்போதுதான் சங்கடம். இரண்டு பேரும் பாயை ஒழுங்காகப் பிடித்தார்கள், திருப்பங்களும் சுத்தமாக இருந்தன. ஆனால் படகு நகர்ந்தது போலவே தெரியவில்லை. நான் துணைப்படகில் அருகே போனபோது ஒருவன் கத்தினான்: "எவ்வளவு வளைஞ்சாலும் அதே பனைமரத்துக்கிட்டயே வந்து நிக்கிறோம் சார்!"

அவர்கள் படகின் முகம் காற்றுக்கு 50 டிகிரியில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பலகை முழுதாக இறங்கியிருந்தால் படகு பக்கவாட்டில் 5 டிகிரி போல நழுவும். ஆக உண்மையான பாதை 55 டிகிரி. 600 மீட்டர் முன்னேற ஏறக்குறைய 1,050 மீட்டர் ஓட்ட வேண்டும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பலகை பாதிதான் இறங்கியிருந்து நழுவல் 20 டிகிரியானால் பாதை 70 டிகிரி, ஓட்ட வேண்டிய தூரம் 1,750 மீட்டர். நழுவல் 40 டிகிரியாகிவிட்டால் பாதை 90 டிகிரி. அதாவது வடக்கே போகிறீர்கள், தெற்கே வருகிறீர்கள், கிழக்கே ஓர் அடிகூடப் போகவில்லை. பனைமரம் அங்கேயே நின்றதன் காரணம் இதுதான்.

இந்த நழுவலைப் படகுக்குள்ளிருந்து உணர்வது கடினம். முகப்பு கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், தண்ணீர் பக்கத்தில் சலசலக்கும், போவதாகவே தோன்றும். கண்டுபிடிக்க இரண்டு வழிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒன்று, பின்னால் திரும்பிப் படகு விட்டுவந்த நீர்த்தடத்தைப் பார்ப்பது. அது படகின் நடுக்கோட்டுக்கு நேர் பின்னால் இல்லாமல் காற்று வரும் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தால், அந்த ஒதுக்கம்தான் நழுவல். இன்னொன்று, முகப்புக்கு நேரே கரையில் தெரியும் ஒரு மரத்தையும், அதற்குப் பின்னால் தூரத்தில் தெரியும் ஒரு கோபுரத்தையோ செல்போன் டவரையோ ஒரே கோட்டில் வைத்துக்கொள்வது. முகப்பை டவரை நோக்கியே வைத்திருந்தும் மரம் காற்று வரும் பக்கமாக விலகிக்கொண்டே போனால், படகு பக்கவாட்டில் போகிறது என்று அர்த்தம்.

பையன்கள் அடுத்து செய்தது, எல்லோரும் செய்வது. முன்னேற்றம் இல்லையென்றதும் முகப்பை இன்னும் காற்றுக்கு நெருக்கமாகத் திருப்பினார்கள். கரை அங்கேதானே இருக்கிறது, அதை நோக்கியே போவோம் என்ற அவசரம். இது காரியத்தைக் கெடுக்கும். காற்றுக்கு நெருங்க நெருங்கப் படகின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பலகையைத் தாண்டி ஓடும் தண்ணீரும் குறையும். அப்போது பலகையின் பிடி விட்டுப்போய் நழுவல் கூடும். ஆழம் போதுமான அளவு இருக்கும் இடத்தில்கூட இதே நிலைதான். 40 டிகிரியில் மணிக்கு 3 கிலோமீட்டர் ஊர்ந்தால், காற்றை எதிர்த்துக் கிடைக்கும் முன்னேற்றம் மணிக்கு 2.3 கிலோமீட்டர். 50 டிகிரிக்கு விலகி 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 3.2 கிலோமீட்டர். விலகிப் போகிறவன்தான் முதலில் கரை சேருவான். பாயில் இரண்டு பக்கமும் சிறு கம்பளி நூல் துண்டுகளை ஒட்டியிருப்போம். இரண்டும் பின்னோக்கி நேராகப் பறந்தால் கோணம் சரி. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். மறுபக்கத்து நூல் துள்ளினால் விலகிவிட்டீர்கள், அல்லது பாயை அதிகமாக இழுத்துவிட்டீர்கள்.

அவர்களைக் கயிறு கட்டி இழுத்துவரவில்லை. "கிழக்கே போறத இப்போதைக்கு மறந்திருங்க தம்பி, நேரா தெற்கே ஓட்டுங்க" என்றேன். காற்று பக்கவாட்டில் வரும்படி ஓட்டினால் அரைப் பலகையிலும் படகு நன்றாகவே போகும். கொஞ்சம் நழுவினாலும் பாதகமில்லை. தெற்கே சுமார் 150 மீட்டரில், கண்மாய்க்குள் தண்ணீர் கொண்டுவரும் பழைய ஓடையின் தடம் இருக்கிறது. அங்கே தரை ஒரு முழத்துக்கு மேல் தாழ்ந்திருக்கும். அந்தத் தடத்தில் பலகையை முழுக்க இறக்கியதும் அதே படகு, அதே பாய், அதே பையன்கள்; இரண்டாவது திருப்பத்திலேயே பனைமரம் பின்னால் போய்விட்டது.

படகு சாய்ந்து போனாலும் பலகையின் பிடி குறையும், ஏனென்றால் சாய்ந்த பலகை செங்குத்தாக இறங்குவதில்லை. ஆகவே காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்க்க வேண்டும். தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு, படகுக்கு வெளியே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி நிற்பது நினைவிருக்கும். நம் சின்னப் படகில் அந்த வேலையை உங்கள் முதுகு செய்கிறது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கண்மாயில் பயிற்சி முறையை மாற்றிவிட்டேன். கரையிலிருந்து காற்றோடு கிளம்புகிறவர்கள், முதல் 100 மீட்டரிலேயே திரும்பி, வளைந்து வளைந்து கரைக்கு வந்து காட்ட வேண்டும். வந்து காட்டினால்தான் அதற்கு மேல் அனுமதி. நடுப்பலகையின் நீளத்தை ஒரு மூங்கிலில் குறித்துவைத்திருக்கிறோம்; போகும் வழியில் அதை ஊன்றிப் பார்த்து, குறி தண்ணீருக்கு மேலே தெரிந்தால் அதுதான் எல்லை. அதற்கு மேற்கே போகக்கூடாது. கடற்கரையிலும் இதே ஒழுங்குதான்: கரையிலிருந்து வெளியே வீசும் காற்றில் பழகாதவர்களை இறக்குவதில்லை, ஏனென்றால் அங்கே மேற்குக் கரை என்று ஒன்று தடுத்து நிறுத்தாது. உயிர்காப்பு அங்கி இரண்டு இடத்திலும் கட்டாயம்.

கரையை நெருங்கும் கடைசி 50 மீட்டரில் இன்னொரு தொந்தரவு உண்டு. கரையும் அதன் மேல் நிற்கும் மரங்களும் காற்றை மறைக்கும்; வரும் காற்றும் நிலையில்லாமல் இப்படியும் அப்படியும் சுழலும். அங்கே வளைந்து வளைந்து போராடுவதில் பயனில்லை. பாயை இறக்கிவிட்டுத் துடுப்பு போட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். மாசி கடந்து மடை திறந்து தண்ணீர் வேகமாக இறங்கும்போது, ஓடைத் தடத்தில்கூடப் பலகை முழுதாக இறங்காது. அன்றோடு கண்மாயில் பாய் கட்டுவதை நிறுத்திவிட்டு மண்டபத்துக்குக் கிளம்புகிறோம்.