சான்றாய்வு: யாரைச் சாட்சிக்கு அழைப்பது?

'வவுச்சர்' என்பதைத் தமிழகத்தில் சான்றுச்சீட்டு என்றும் இலங்கையில் உறுதிச்சீட்டு என்றும் எழுதுகிறோம். கணக்குத் தணிக்கையில், கணக்கேட்டில் உள்ள பதிவை அதற்குரிய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வவுச்சிங். 'வவுச்' என்னும் ஆங்கில வினையின் வேர், 'அழைத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் 'வொகாரே'. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்ட வழக்கில் நுழைந்தபோது, சொத்துரிமைக்கு உறுதி தந்தவரை நீதிமன்றத்துக்கு அழைப்பதைக் குறித்தது. சான்று என்றாலும் சாட்சிதானே! அதனால் 'சான்றாய்வு' என்பதே எனக்கு மிகப் பொருத்தமான தமிழாகத் தோன்றுகிறது.

எல்லாச் சாட்சிகளையும் அழைக்க முடியாதபோது சிலரைத் தேர்கிறோம். அதுவே மாதிரியெடுப்பு. இங்கே பலர் சீட்டுக் கோப்பைப் புரட்டிக் கைக்கு வந்தவற்றை எடுக்கிறார்கள். அது தவறு. சீட்டே இல்லாத செலவு கோப்பில் எப்படி அகப்படும்? செலவு உண்மையா என்று பார்க்கும்போது ஏட்டுப் பதிவிலிருந்து தொடங்கிச் சீட்டைத் தேட வேண்டும். ஏட்டில் ஏறாமல் விடுபட்டவற்றைத் தேடும்போது மட்டும் சீட்டிலிருந்து ஏட்டுக்குப் போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டுச் செலவு 60 இலட்சம். அதில் பெரிய பதிவுகள் பத்து, அவற்றின் மதிப்பு 20 இலட்சம்; அவற்றை முழுவதும் பார்த்துவிடுகிறோம். மீதி 1,200 பதிவுகளின் மதிப்பு 40 இலட்சம். அவற்றில் 60 போதும் என்று முடிவு செய்தால், இருபதுக்கு ஒன்று. 1 முதல் 20 வரை குலுக்கலில் 7 வந்தால் 7, 27, 47 எனத் தொடரலாம். 47ஆம் பதிவுக்குச் சீட்டு கிடைக்கவில்லையென்றால் 48க்குத் தாவக்கூடாது. வேறு வழியிலும் அந்தச் செலவை உறுதிசெய்ய முடியாவிட்டால் அதைப் பிழையாகவே எண்ண வேண்டும். முறைப்படி ரத்தான சீட்டுக்கு மட்டுமே மாற்று எடுக்கலாம்.

அறுபதின் மதிப்பு 2 இலட்சம், அவற்றில் மூன்று பதிவுகளில் மிகையாக எழுதியது மொத்தம் 3,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 3,000ஐத் திருத்திவிட்டு ஏட்டை மூடுவது நான் அதிகம் கண்ட பிழை. மாதிரியில் ஒன்றரை விழுக்காடு தவறு என்றால், 40 இலட்சத்துக்கு அது 60,000 ஆகிறது. முன்பே வகுத்த பொறுக்கத்தக்க எல்லை 50,000 என்றால் இந்தச் செலவுக் கணக்கை அப்படியே ஏற்க முடியாது. மதிப்பீடு 45,000 ஆக இருந்தாலும் நிம்மதி கொள்ள இடமில்லை. மாதிரிக்கு வெளியே பிழை இன்னும் கூடுதலாக இருக்கக்கூடும்.

அடுத்துக் காரணத்தைத் தேட வேண்டும். மூன்று பிழைகளும் ஒரே மாதத்தில் ஒரே பட்டியலை இருமுறை பதிந்ததால் வந்தவை என்றால், அந்த மாதத்தை முழுவதும் பார்க்கலாம். 'இது தனி நிகழ்வு' என்று ஒதுக்க, மற்ற மாதங்களில் அப்படி இல்லை என்பதற்கு வலுவான ஆதாரம் வேண்டும். எழுத்தரின் விளக்கம் மட்டும் போதாது. சீட்டில் தொகை திருத்தப்பட்டிருந்தாலோ கையொப்பம் போலியாக இருந்தாலோ தொகை எவ்வளவு சிறிதானாலும் விகிதக் கணக்கோடு நிறுத்தாமல், அந்தச் சீட்டைத் தயாரித்தவர், ஒப்புதல் அளித்தவர் இருவரின் கைப்பட்ட மற்றச் சீட்டுகளையும் வரவழைக்க வேண்டும்.