பம்பு ஓடத் தொடங்கினால் போர்டு ஏன் விழுந்து விழுந்து எழும்புகிறது?

நுவரெலியாப் பக்கம் ஒரு லீக்ஸ் பாத்தி. மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் விட ஒரு ஈஎஸ்பி32 போர்டு, ஒரு ரிலே, 5 வோல்ட் சின்னப் பம்பு. பம்புக்கான கரண்ட்டும் போர்டின் VIN முனையிலிருந்துதான். எல்லாவற்றுக்கும் ஒரே போன் சார்ஜர், 2 மீட்டர் மெல்லிய யூஎஸ்பி வயர். ரிலே 'டிக்' என்கிறது, பம்பு ஒரு கணம் உறுமி அடங்குகிறது, சில நொடியில் மறுபடி 'டிக்'. கணினியில் இணைத்துப் பார்த்தால், மின்னழுத்தம் சரிந்துவிட்டதென்று சிப்பின் காவலன் சொல்லும் இந்த வரி வருகிறது:

```
Brownout detector was triggered
```

மீட்டரை வைத்தால் கிட்டத்தட்ட 5 வோல்ட் காட்டும். அதை நம்ப வேண்டாம். சாதாரண மீட்டர் சராசரியைத்தான் காட்டும். இங்கே மின்னழுத்தம் சரிவது கண் இமைக்கும் நேரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பம்பு ஓடும்போது கொஞ்சக் கரண்ட்தான் எடுக்கும், ஆனால் நின்ற மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். இங்கே 1 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வைஃபை அனுப்பும்போது போர்டுக்கு 0.3. மொத்தம் 1.3. மெல்லிய வயரின் போக்கும் வரவும் சேர்ந்த தடை சுமார் 0.85 ஓம் என்றால், வயரிலேயே 1.1 வோல்ட் போய்விடுகிறது. லயத்துக் குழாயில் கீழ் வீட்டில் திறந்தால் மேல் வீட்டில் தண்ணீர் மெலிவது போலத்தான். போர்டில் உள்ள டயோடு 0.4 வோல்ட் எடுக்கும். மிச்சம் 3.5. ரெகுலேட்டரும் 1.1 வோல்ட் அளவு பிடித்துக்கொள்வதால் சிப்புக்குக் கிடைப்பது 2.4. சிப்பின் காவலன் வழக்கமாக 2.43 வோல்ட் அளவில் ரீசெட் செய்துவிடும்.

சுழற்சி ஏன் என்றால், ரீசெட் ஆனதும் ரிலே விடுபட்டு, பம்பு நின்று, மின்னழுத்தம் உடனே மீள்கிறது. போர்டு நல்லபடி எழும்பி, மண் காய்ந்திருப்பதைக் கண்டு, அதே பம்பை மறுபடி போடுகிறது.

பம்பு வயரைக் கழற்றிப் பாருங்கள். ரீசெட் நின்றால் காரணம் பம்பு. வைஃபை இணையும்போதும் விழுந்தால் வயரையோ சார்ஜரையோ சந்தேகப்படலாம். பம்புதான் என்றால், அதற்குச் சார்ஜர் முனையிலிருந்தே தனித் தடித்த வயர் இழுக்க வேண்டும். கிரவுண்ட் மட்டும் பொதுவாக இருக்கட்டும். சார்ஜர் 2 ஆம்பியர் தாங்கக்கூடியதாக இருப்பது நல்லது. போர்டுக்கான யூஎஸ்பி வயரையும் குட்டையாக்குங்கள்.

பெரிய கப்பாசிட்டர் போட்டால் போதும் என்பார்கள். 1000 மைக்ரோஃபாரட் ஒன்று 0.3 ஆம்பியரை 1 மில்லி செக்கன் தாங்கினால் 0.3 வோல்ட்தான் இறங்கும். ஆகவே வைஃபையின் குட்டித் துடிப்புக்கு அது சரி. மோட்டார் கிளம்ப நூறு மில்லி செக்கன்கூட ஆகலாம், அதற்கு அது காணாது.

காவலனையே நிறுத்தும் ஒரு வரிக் குறிப்பும் சுற்றி வருகிறது. செய்தி மறையும், சரிவு மறையாது. குறைந்த மின்னழுத்தத்தில் சிப் ஃப்ளாஷ் நினைவகத்தைத் தப்பாக வாசிக்கலாம், எழுதிக்கொண்டிருந்தால் அதில் உள்ளதைக் கெடுத்தும்விடலாம்.