பாதியில் நிற்கும் வடிகால்: ஆர்டிஐ மனுவில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள்

எங்கள் டெல்டா ஊரில் ஒரு தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டி, பாதித் தூரம் கான்கிரீட் போட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டு வாசலில் பலகை போட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஒரு பாட்டி விழுந்து கையை முறித்துக்கொண்டார். அவர் மகன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். “வேலை ஏன் நிற்கிறது? எப்போது முடியும்? யார் பொறுப்பு?” என்று மூன்றே கேள்விகள். இருபத்தெட்டாவது நாளில் பதில் வந்தது: “கோரப்பட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது.”

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மனு அவர்களுக்குத் தப்பிக்க வழி கொடுத்துவிட்டது. 2005ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தில் அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் காகிதத்தைத்தான் கேட்க முடியும். காரணம் சொல்லு, விளக்கம் கொடு, தேதி சொல்லு என்றால் ‘அப்படி ஆவணம் எதுவும் இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். காரணம் காகிதத்துக்குள் இருக்கிறது, காகிதத்தைக் கேளுங்கள்.

இரண்டாவது மனுவை நாங்கள் இப்படி எழுதினோம். தெருவின் பெயர், வார்டு எண், வேலை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, நான்கு நகல்கள் கேட்டோம்: மதிப்பீடு, வேலை உத்தரவு, ஒப்பந்தக் காலத்தை நீட்டித்த உத்தரவுகள், இதுவரை கொடுத்த பில்களோடு அளவீட்டுப் புத்தகத்தின் பக்கங்கள். அலுவலகத்தில் இதை ‘எம் புக்’ என்பார்கள். எவ்வளவு நீளம் வேலை முடிந்தது என்று பொறியாளர் அளந்து எழுதிக் கையெழுத்துப் போடும் புத்தகம் அது. பணம் கொடுப்பது அதை வைத்துத்தான்.

கால நீட்டிப்பு உத்தரவின் நகல் வந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காரணம்: ‘வடகிழக்குப் பருவமழை.’ நீட்டிக்கப்பட்ட காலம் மார்ச் முதல் மே வரை. பங்குனி, சித்திரையில் எங்கள் ஊரில் என்ன பருவமழை? அளவீட்டுப் புத்தகத்தில் இருந்த நீளத்தையும் நாங்களே டேப் வைத்து அளந்தோம். தெருவில் இருந்ததைவிடப் புத்தகத்தில் நாற்பது மீட்டர் அதிகம். வேறெந்தக் காகிதமும் இல்லாவிட்டாலும் இந்த இரண்டு போதும்.

மனுவை உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள். ‘தெரு நலச்சங்கம்’ என்று லெட்டர்பேடில் போட்டால், உரிமை குடிமக்களுக்குத்தான், சங்கத்துக்கு இல்லை என்று திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. ‘எதற்காகக் கேட்கிறீர்கள்’ என்று கவுண்டரில் கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை. சட்டமே அப்படிச் சொல்கிறது. கட்டணம் பத்து ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிவிடுவது எளிது. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். அது கிடைக்காது என்று தெரிந்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்த தேதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அலைக்கழிப்பு. “அது நெடுஞ்சாலைத்துறை ரோடு, இங்கே ஏன் வந்தீங்க?” வடிகால் போய்ச் சேரும் வாய்க்கால் நீர்வளத்துறையுடையது என்றால் அங்கே கைகாட்டுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். பிரிவு 6(3)ன்படி, தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் மனுவை ஐந்து நாட்களுக்குள் அவர்களே அங்கே அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தப் பிரிவை மனுவின் கடைசியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

மக்கள் அதிகம் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். மனு கிடைத்து 30 நாட்களில் பதில் வராவிட்டால், மறுத்துவிட்டதாகவே பொருள். அப்போது புது மனு போடக் கூடாது. பிரிவு 19(1)ன் கீழ், அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை. “அடுத்த வாரம் தருகிறோம், தம்பி” என்று போனில் சொல்வதை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெடு போய்விடும். அலுவலகத்துக்கு வேண்டியதும் அதுதான். பதில் தர வேண்டிய 30 நாட்கள் தாண்டியபின் நகல்களுக்குக் காசு கேட்டாலும் கொடுக்க வேண்டாம். தாமதமானால் இலவசமாகத் தர வேண்டும்.

“கோப்பு பெரிசு, பக்கம் பக்கமா இருக்கு” என்று ஆயிரக்கணக்கில் தொகை கேட்டால், கோப்பை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். வேலை நடந்த இடத்தையே பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியை எடுக்கவும்கூடச் சட்டம் இடம் கொடுக்கிறது. போகும்போது துணைக்கு ஆளும் டேப்பும் இருக்கட்டும். கோப்பில் எம் புக் பக்கத்தை முதலில் புரட்டுங்கள்.