விற்கவே இல்லையே, அப்புறம் என்ன தப்பு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மேஜைக்கு வரும் கோப்பு ஒன்று உண்டு. நிறுவனத்தின் பங்குகள் அந்த வார முடிவில் யார் யார் டிமேட் கணக்கில் எத்தனை இருக்கின்றன என்ற பட்டியல் அது. ரிஜிஸ்ட்ரார் அனுப்புவார், எங்கள் வட்டாரத்தில் அதை 'பென்போஸ்' என்போம். போன வாரப் பட்டியலையும் இந்த வாரப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, எங்கள் ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தாரின் பேன் எண்களைத் தேடுவது கம்பெனி செக்ரட்டரியான என் வேலைகளில் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதக் கடைசியில் அப்படித் தேடியபோது ஒரு பேன் எண் மாட்டியது. 1,500 பங்குகள், புதிதாக வாங்கியவை. கணக்குப் பிரிவில் உதவி மேலாளராக இருந்த ஒருவரின் மனைவியுடைய எண் அது. (அடையாளம் தெரியாதிருக்க, எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.)

செப்டம்பர் 30-ல் காலாண்டு முடிந்தது. மறுநாளே டிரேடிங் விண்டோ மூடிவிடும். முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் கழித்துத்தான் திறக்கும். இடைப்பட்ட நாட்களில், கணக்கு விவரங்கள் கண்ணில் படும் இடத்தில் இருப்பவர்களும் அவர்களின் நெருங்கிய உறவினர்களும் நிறுவனப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. அக்டோபர் 14 வாக்கில் அவர் கிளைக் கணக்குகளை ஒன்றுசேர்த்தார். லாபம் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது அன்று அந்த அறையில் இருந்த நான்கைந்து பேருக்கு மட்டுமே தெரியும். ஒரு வாரம் கழித்து, 412 ரூபாய் விலையில், மனைவியின் கணக்கில் 1,500 பங்குகள் சேர்ந்தன. மொத்தம் 6,18,000 ரூபாய்.

கூப்பிட்டுக் கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. "மேடம், நான் விக்கவே இல்லையே. லாபமே எடுக்கலையே" என்றார். அடுத்த நிமிடம், "வேணும்னா இப்பவே வித்துடறேன் மேடம், வாங்கின விலைக்கே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அப்படித்தான் புரிந்திருந்தது. நான் சந்தித்த ஊழியர்களில் பெரும்பாலோருக்கும் இப்படித்தான் புரிந்திருக்கிறது: லாபம் கைக்கு வந்தால்தான் குற்றம் என்று.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015-ஆம் ஆண்டு உள்ளாள் வர்த்தகத் தடை விதிமுறைகள் லாபத்தில் தொடங்கவில்லை. வெளியாகாத, ஆனால் வெளியானால் விலையை அசைக்கக்கூடிய தகவல் கையில் இருக்கும்போது பங்கை வாங்குவதோ விற்பதோதான் அங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆர்டர் போட்ட கணத்தில் தகவல் தெரிந்திருந்தால் போதும். தகவல் தெரிந்தவர் வாங்கினால், அந்தத் தகவலால்தான் வாங்கினார் என்றே விதி எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. "இப்பவே விற்றுவிடுகிறேன்" என்பதும் தீர்வல்ல. விண்டோ மூடியிருக்கும்போது, அதே தகவல் மனதில் இருக்கும்போது விற்பது இரண்டாவது மீறல். தொடாதீர்கள் என்றுதான் சொன்னேன்.

நவம்பர் 6-ஆம் தேதி முடிவுகள் வந்தன. பங்கு 468-ல் முடிந்தது. பங்குக்கு 56 ரூபாய் வீதம் 1,500 பங்குக்கு 84,000 ரூபாய். விற்கப்படாத பங்கானாலும், தகவல் வெளியானபின் வந்த விலையை வைத்துத்தான் முறையற்ற ஆதாயம் கணக்கிடப்பட்டது. நிறுவன நடத்தை விதிப்படி அந்தத் தொகையை அவரிடம் வசூலித்து, செபி நடத்தும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு அனுப்பினோம். ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. பங்குச் சந்தைக்கும் எழுத்து மூலம் தெரிவித்தோம். மறைக்க எனக்கு உரிமை இல்லை. நிறுவனம் நடவடிக்கை எடுத்துவிட்டது என்பதால் செபியின் கை கட்டப்படுவதும் இல்லை. செபி சட்டத்தின் 15ஜி பிரிவில் அபராதம் 10 லட்சத்தில் தொடங்குகிறது. 25 கோடி அல்லது ஆதாயத்தின் மும்மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை போகலாம். 84,000 ரூபாய்க்காக அவர் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்ட தொகை அது.

அந்த 1,500 பங்குகளை அன்று 412-க்கு விற்ற யாரோ ஒருவர் இருந்திருப்பார். நிறுவனம் எப்படிப் போகிறது என்று செய்தித்தாளை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய 84,000 ரூபாயைக் கணக்குப் பிரிவுக் கணினித் திரையைப் பார்த்த ஒருவர் எடுத்துக்கொண்டார். அந்தத் திரையில் தெரிந்த எண் நிறுவனத்துடையது. அதைக் கூட்டிப் போடத்தான் நம் ஆளுக்குச் சம்பளம். பங்குதாரர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டிய சொத்து அது. இந்த விதி எனக்கு நியாயமாகப் படுவது இதனால்தான்.

மனைவியின் கணக்கு என்பதால் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தாரோ என்னவோ. ஆனால் ஆண்டுதோறும் அவர் கையெழுத்திட்டுத் தரும் படிவத்திலேயே மனைவியின் பேன் எண் இருந்தது. இன்று அது இன்னும் கடினம். விண்டோ மூடியிருக்கும்போது இப்படிப்பட்ட ஊழியர்களின் பேன் எண்களில் அந்த நிறுவனப் பங்கு வர்த்தகம் முடக்கப்படுகிறது. 2025 அக்டோபரிலிருந்து படிப்படியாக நெருங்கிய உறவினர்களின் எண்களும் இதில் சேர்கின்றன. நண்பர் பெயரில் வாங்கலாமே என்றால், முடிவுகளுக்குப்பின் விலை பாய்ந்த பங்குகளில் அதற்கு முன் யார் வாங்கினார்கள் என்று சந்தை பார்க்கும். பெயர்ப் பட்டியலை அனுப்பி, இவர்களுக்கும் உங்களுக்கும் தொடர்பு உண்டா என்று எங்களிடம் கேட்கும். தகவலை எந்த நாளில் யாருக்குப் பகிர்ந்தோம் என்பதை நேர முத்திரையோடு, திருத்த முடியாத பதிவேட்டில் எட்டு ஆண்டுகள் வைத்திருக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கதை தெரிந்துவிடும்.

முடக்கம் இல்லை என்பதால் சுதந்திரம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்டோ திறந்திருக்கும் நாட்களிலும், இணைப்பு, பெரிய கொள்முதல் ஒப்பந்தம், தலைமை அதிகாரி விலகல் போன்ற ஒன்று உங்கள் காதில் விழுந்திருந்தால் உங்களுக்கு மட்டும் கதவு மூடியதாகத்தான் பொருள். வாங்காமல் வாயால் சொன்னாலும் விதி பிடிக்கும். "உங்க கம்பெனி எப்படிப் போகுது மாப்ள?" என்று மச்சான் கேட்கும்போது "கொஞ்சம் பொறுங்க, அடுத்த வாரம் பாருங்க" என்பதிலேயே தகவல் கைமாறிவிட்டது. அவர் வாங்கினால் அவரும் உள்ளாள்.

ஊழியர்களுக்கு நிறுவனம் பங்கு ஒதுக்கும் இஎஸ்ஓபி திட்டத்தில் இருப்பவர்கள் அடிக்கடி குழம்பும் ஓரிடம்: விண்டோ மூடியிருக்கும்போதும் ஒதுக்கப்பட்ட பங்கைப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். அதை விற்கத்தான் முடியாது. வீட்டுக் கடனுக்கு முன்பணம் கட்ட அந்தப் பணத்தை நம்பியிருப்பவர்கள் காலாண்டு முடியுமுன் திட்டமிட வேண்டும்.

சிகிச்சைச் செலவுக்காக விற்றேன் என்று சொல்பவர்கள் 2022-ல் உச்ச நீதிமன்றம் தந்த அபிஜித் ராஜன் தீர்ப்பைக் காட்டுவார்கள். நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடியில் விற்றவரை அங்கே விடுவித்தார்கள். ஆனால் அந்த வழக்கு 1992-ஆம் ஆண்டின் பழைய விதிகளின் கீழ் நடந்தது. அதோடு, வெளியானால் விலை ஏறவே வாய்ப்புள்ள செய்தி கையில் இருந்தபோதுதான் அவர் விற்றார். அதை நம்பி இன்று ஆர்டர் போட வேண்டாம்.

கடைசியாக, அடிக்கடி வரும் ஒரு சந்தர்ப்பம். பிரிண்டரில் யாரோ மறந்துவிட்ட தாளிலோ, தவறாக உங்களையும் சேர்த்து வந்த மின்னஞ்சலிலோ முடிவுகளைப் பார்த்துவிட்டீர்கள் என்று வையுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். அன்றே கம்ப்ளையன்ஸ் ஆபீசரிடம் சொல்லுங்கள். உங்கள் பெயரும் பேன் எண்ணும் பதிவேட்டில் ஏறும். தகவல் சந்தைக்கு வெளியாகி விண்டோ திறக்கும்வரை பங்கைத் தொடாமலிருந்துவிட்டு, பிறகும் நிறுவனம் வைத்திருக்கும் வரம்புக்கு மேல் வாங்குவதானால் முன் அனுமதி வாங்குங்கள். அனுமதி அதிகபட்சம் ஏழு வர்த்தக நாட்களுக்குத்தான். வாங்கியதை ஆறு மாதத்துக்குள் விற்கவும் முடியாது.